கோர்ட் முகவரியும் ஹால் எண்ணும்: வழக்கு எங்கே நடக்கிறது என்று உறுதி செய்வது எப்படி?

சம்மனில் "சிட்டி சிவில் கோர்ட், சென்னை, XVI கூடுதல் நீதிபதி" என்று மட்டும் இருக்கிறது. எந்தக் கட்டடத்துக்குப் போவது, எந்த அறைக்குப் போவது?

சம்மனில் இருப்பது நீதிமன்றத்தின் பெயர். அது உட்கார்ந்திருக்கும் இடம் பெரும்பாலும் அதில் இருக்காது. மூன்று விஷயங்களைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்: வழக்கு இப்போது எந்த நீதிபதியிடம் இருக்கிறது, அவர் எந்த வளாகத்தில் உட்காருகிறார், வாய்தா அன்று எந்த ஹாலில் பெயர் கூப்பிடுவார்கள். முதல் இரண்டும் வீட்டிலிருந்தபடியே தெரிந்துவிடும். மூன்றாவதுக்கு முந்தின நாள் மாலையும் அன்று காலையும் ஒருமுறை பார்த்தாக வேண்டும்.

சிட்டி சிவில் கோர்ட்டின் முதன்மை நீதிமன்றம் பாரிமுனையில், உயர் நீதிமன்ற வளாகத்துக்குள் இருக்கிறது. மோட்டார் விபத்து இழப்பீட்டு வழக்குகளை விசாரிக்கும் சிறு வழக்குகள் நீதிமன்றமும் அதே வளாகம்தான். ஆனால் சென்னையின் எல்லா நீதிமன்றங்களும் அங்கே இல்லை. சென்ட்ரல் அருகே அல்லிக்குளம் வளாகத்திலும் நீதிமன்றங்கள் இயங்குகின்றன. மகளிர் நீதிமன்றம் அங்கேதான் இருக்கிறது. நடுவர் நீதிமன்றங்கள் எழும்பூர், சைதாப்பேட்டை, ஜார்ஜ் டவுன் என்று பிரிந்து கிடக்கின்றன. "சென்னை கோர்ட்" என்று ஆட்டோக்காரரிடம் சொன்னால் அவர் பாரிமுனையில்தான் இறக்கிவிடுவார்.

உங்கள் வழக்குக்கு உரிய இடத்தைப் பார்க்க services.ecourts.gov.in தளத்தைத் திறந்து, வழக்கின் சி.என்.ஆர். எண்ணை இடுங்கள். வரும் பக்கத்தில் Court Number and Judge என்ற வரியைப் பாருங்கள். முதல் கேள்விக்கான பதில் அதுதான். பக்கத்தின் தலைப்பில் எந்த நீதிமன்ற அமைப்பின் கீழ் வழக்கு இருக்கிறது என்றும் இருக்கும். வளாகத்தின் முகவரிக்கு அந்த மாவட்ட நீதிமன்றத்தின் சொந்தத் தளத்துக்குப் போங்கள். சென்னைக்கு chennai.dcourts.gov.in, மதுரைக்கு madurai.dcourts.gov.in என்று மாவட்டப் பெயரோடு இருக்கும். கூகுள் மேப்பை வழி காட்டுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நீதிமன்றம் புதுக் கட்டடத்துக்கு மாறிய பிறகும் பழைய இடத்துப் புள்ளி மேப்பில் அப்படியே நிற்பது வழக்கம்.

சி.என்.ஆர். எண் எங்கே இருக்கும்? என்னிடம் இல்லை என்றால்?

அது 16 எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு தொடர். ஒரு நீதிமன்றத்தில் பதிவான ஒரு வழக்குக்கு ஒரே சி.என்.ஆர்.தான். மாதிரிக்கு இ-கோர்ட்ஸ் காட்டும் எண் இது:

```
MHAU019999992015
```

முதல் இரண்டெழுத்து மாநிலம் (தமிழ்நாடு என்றால் TN), அடுத்த இரண்டு மாவட்டம், அடுத்த இரண்டு நீதிமன்ற அமைப்பு, பிறகு ஆறு இலக்க வரிசை எண், கடைசி நான்கும் ஆண்டு. இடையில் கோடோ இடைவெளியோ இல்லாமல் தட்ட வேண்டும். எண் 0 இருக்கும் இடத்தில் எழுத்து O போட்டுவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு.

சமீப ஆண்டுகளில் வந்த சம்மனிலும் நோட்டீஸிலும் இந்த எண் பெரும்பாலும் அச்சிட்டிருக்கும். இல்லையென்றால் வக்கீல் குமாஸ்தாவிடம் கேளுங்கள். அவர் டைரியில் இருக்கும். அதுவும் இல்லையென்றால் Case Status பகுதியில் வழக்கு எண், கட்சிக்காரர் பெயர், வக்கீல் பெயர் அல்லது எஃப்.ஐ.ஆர். எண் கொண்டு தேடலாம். கிடைத்ததும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு இணையம் இல்லாத போனிலிருந்துகூட 9766899899 என்ற எண்ணுக்கு இப்படிக் குறுஞ்செய்தி அனுப்பி நிலவரம் கேட்கலாம்:

```
ECOURTS <CNR>
```

ஓ.எஸ். 45/2021 என்று தேடினால் வேறு யாரோ இருவருடைய வழக்கு வருகிறது. எண் சரியாகத்தான் இருக்கிறது. ஏன்?

வழக்கு எண் ஒவ்வொரு நீதிமன்றத்திலும் ஆண்டுதோறும் ஒன்றிலிருந்து தொடங்கும். ஒரு தாலுகா ஊரில் மாவட்ட உரிமையியல் நீதிமன்றத்திலும் (முன்சீப் கோர்ட்) ஓர் ஓ.எஸ். 45/2021 இருக்கும், பக்கத்து அறையில் இருக்கும் சார்பு நீதிமன்றத்திலும் (சப் கோர்ட்) ஓர் ஓ.எஸ். 45/2021 இருக்கும். மாவட்ட நீதிமன்றத்திலும் இன்னொன்று இருக்கலாம். மூன்றும் ஒரே வளாகமாக இருந்தாலும் ஹால் வேறு, நீதிபதி வேறு, வாய்தா வேறு. ஆகவே எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு அலுவலக ஜன்னலில் கேட்டால் தவறான அறைக்குக் கை காட்டிவிடுவார்கள். எண்ணோடு நீதிமன்றத்தின் முழுப்பெயரையும் வாதி, பிரதிவாதி பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

தளத்தில் தேடும்போதும் இதே கதைதான். மாநிலம், மாவட்டம், வளாகம் என்று வரிசையாகத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். வளாகத்தைத் தவறாகத் தேர்ந்தால் Record not found என்று வரும், அல்லது அதே எண்ணுள்ள அடுத்தவர் வழக்கு வரும். திரையில் வந்ததும் முதலில் கட்சிக்காரர் பெயரைச் சரிபாருங்கள், பிறகு வக்கீல் பெயர். அதன் பிறகு தேதியையும் ஹாலையும் படியுங்கள்.

வருவாய் மாவட்டம் பிரிந்த ஊர்களில் இன்னொரு சிக்கல் உண்டு. வருவாய் மாவட்டம் பிரிந்த அன்றே நீதிமன்ற மாவட்டமும் பிரிந்துவிடுவதில்லை. 2019-ல் பிரிந்த தென்காசி, கள்ளக்குறிச்சி, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், செங்கல்பட்டுப் பகுதிகளின் பழைய வழக்கு புது மாவட்டப் பெயரில் கிடைக்கவில்லையென்றால் தாய் மாவட்டத்தின் பெயரிலும் தேடிப் பாருங்கள்.

திரையில் Court Number "17" என்று வருகிறது, ஆனால் கோர்ட் வாசலில் பலகை XVI என்கிறது. எந்த அறையில் உட்காருவது?

பெயரைப் பின்பற்றுங்கள், முன்னால் இருக்கும் எண்ணை அல்ல. அந்த வரி "17-XVI Additional Judge" என்ற வடிவில் இருக்கும். கோடுக்கு முன்னால் இருப்பது கணினி வைத்துக்கொண்ட வரிசை எண். முதன்மை நீதிபதிக்கு 1 போய்விடுவதால் முதலாம் கூடுதல் நீதிபதி 2 ஆகிறார். இப்படி ஒன்று தள்ளித் தள்ளி வருவது சாதாரணம். கோடுக்குப் பின்னால் இருக்கும் ரோமன் எண்தான் நீதிமன்றத்தின் பெயர், வாசல் பலகையிலும் அதுவே இருக்கும். கட்டடத்தின் அறை எண் என்று மூன்றாவதாக ஒன்று கதவுக்கு மேல் ஒட்டியிருக்கலாம். அதற்கும் வழக்குக்கும் சம்பந்தமில்லை.

ரோமன் எண்ணை வாசிப்பதிலும் தடுமாற்றம் வரும். XIV என்பது 14, XVI என்பது 16. அவசரத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். அதே வளாகத்தில் "கூடுதல் நீதிபதி" வரிசையும் "உதவி நீதிபதி" வரிசையும் தனித்தனியாக உண்டு. IV கூடுதல் வேறு, IV உதவி வேறு. காகிதத்தில் Addl. என்று இருக்கிறதா Asst. என்று இருக்கிறதா என்று கண்ணை ஊன்றிப் பாருங்கள்.

சைதாப்பேட்டையில் நடந்துகொண்டிருந்த கொலை முயற்சி வழக்கில் நான் சாட்சி. அங்கே போனால் "இங்கே இந்தக் கேஸ் இல்லை" என்கிறார்கள். எங்கே போயிற்று?

செஷன்ஸுக்கு, அதாவது அமர்வு நீதிமன்றத்துக்குப் போயிருக்கும். கொலை, கொலை முயற்சி போன்ற குற்றங்களை நடுவர் விசாரித்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. குற்றப்பத்திரிகை முதலில் நடுவரிடம்தான் வரும், அங்கே பி.ஆர்.சி. என்ற எண் பெறும். எதிரிக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்கு நகல்கள் கொடுத்து முடிந்ததும் நடுவர் வழக்கை அமர்வு நீதிமன்றத்துக்கு அனுப்பிவைப்பார். கோர்ட் வட்டாரத்தில் இதைக் கமிட்டல் என்பார்கள். அங்கே போனதும் எஸ்.சி. என்ற புது எண், கூடவே புது சி.என்.ஆர். பழைய சி.என்.ஆரைப் போட்டால் நடுவர் மன்றத்தில் முடிந்துவிட்ட வழக்காகக் காட்டும். வழக்கே முடிந்தது என்று நினைத்து வீட்டில் இருந்துவிடுவது ஆபத்து.

கண்டுபிடிக்கும் வழி இது. சாட்சி சம்மனிலோ பழைய காகிதத்திலோ காவல் நிலையத்தின் பெயரும் குற்ற எண்ணும் இருக்கும். வழக்கு எத்தனை நீதிமன்றம் மாறினாலும் இந்த இரண்டும் மாறாது. உதாரணத்துக்குக் குற்ற எண் 312/2020 என்று வைத்துக்கொள்வோம். Case Status பகுதியில் FIR Number என்பதைத் தேர்ந்து, மாவட்டம் சென்னை என்று வைத்து, முதலில் சைதாப்பேட்டை வளாகத்தில் அந்தக் காவல் நிலையத்தையும் எண்ணையும் ஆண்டையும் இடுங்கள். பி.ஆர்.சி. வழக்கு வரும், அதில் முடிந்த தேதியும் கமிட்டல் ஆன விவரமும் இருக்கும். பிறகு வளாகத்தை மட்டும் சிட்டி சிவில் கோர்ட்டுக்கு மாற்றி அதே மூன்றையும் இடுங்கள். எஸ்.சி. எண்ணோடு வழக்கு வரும். சென்னையின் முதன்மை அமர்வு நீதிபதி உட்காருவது உயர் நீதிமன்ற வளாகத்தில். அவர் அந்த வழக்கை ஒரு கூடுதல் அமர்வு நீதிபதிக்கோ மகளிர் நீதிமன்றத்துக்கோ ஒதுக்கியிருக்கலாம். வழக்குப் பக்கத்தின் கீழ்ப்பகுதியில் Case Transfer Details within Establishment என்ற அட்டவணை இருந்தால், எந்தத் தேதியில் எந்த நீதிபதியிடமிருந்து எந்த நீதிபதிக்குப் போயிற்று என்று அதில் இருக்கும். அதன் கடைசி வரியில் இருப்பவர்தான் இப்போதைய நீதிபதி. அவர் அல்லிக்குளத்தில் உட்காருபவராக இருந்தால் பாரிமுனைக்குப் போய்ப் பயனில்லை.

இணையத்தில் தேட முடியாதவர்கள் காவல் நிலையத்தின் கோர்ட் காவலரைக் கேட்கலாம். சாட்சிகளுக்குச் சம்மன் கொண்டுவருபவர் அவர்தான் என்பதால் எஸ்.சி. எண் அவரிடம் இருக்கும்.

சம்மனில் "பெருநகர நடுவர்" என்று இருக்கிறது. இப்போது அப்படி ஒரு கோர்ட் இல்லை என்கிறார்களே?

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பெருநகர நடுவர் என்ற பதவி கிடையாது. பழைய காகிதங்களில் அந்தப் பெயர் இருந்தால் பதற வேண்டாம். பெயர் மாறியதால் உங்கள் வழக்கு காணாமல் போய்விடாது, சி.என்.ஆர். கொண்டு பார்த்தால் இப்போதைய பெயரே திரையில் வரும்.

"பூந்தமல்லி ஹைரோடு கோர்ட்" என்றார்கள், பூந்தமல்லி போய்விட்டேன். அங்கே இல்லை. எங்கே தவறு?

பூந்தமல்லி நெடுஞ்சாலை சென்ட்ரலிலிருந்து தொடங்குகிறது. அல்லிக்குளம் வளாகம் அதன் நகர முனையில் இருக்கிறது. பூந்தமல்லியிலுள்ள நீதிமன்றங்கள் அதே சாலையின் மறு பக்கத்தில், நகரத்துக்கு வெளியே திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கின்றன. நடுவில் நெரிசல் நேரத்தில் ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆகும்.

இதற்கு நேர்மாறான குழப்பமும் உண்டு. குண்டுவெடிப்பு வழக்குகளுக்கான சிறப்பு நீதிமன்றத்தின் பெயரில் "சென்னை" என்றுதான் இருக்கும், ஆனால் அது உட்காருவது பூந்தமல்லியில். என்.ஐ.ஏ. வழக்குகளும் அங்கே நடக்கின்றன. பெயரிலுள்ள ஊரை நம்பாமல் வளாகத்தின் பெயரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

நாளை வாய்தா. இன்று மாலை எதைப் பார்க்க வேண்டும்? காலையில் எதைப் பார்க்க வேண்டும்?

மாலையில் அதே தளத்தில் Cause List என்பதைத் திறந்து வளாகத்தையும் நீதிமன்றத்தையும் நாளைய தேதியையும் தேர்ந்தெடுங்கள். சிவில், கிரிமினல் என்று இரண்டு பொத்தான்கள் இருக்கும். உங்கள் வகையை அழுத்துங்கள். பட்டியலில் உங்கள் எண் இருந்தால் அதன் வரிசை எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள். கூப்பிடும்போது முன்னே பின்னே எவ்வளவு நேரம் ஆகும் என்று அது சொல்லிவிடும்.

பட்டியலில் எண் இல்லையென்றால் உடனே பயணத்தை ரத்து செய்யாதீர்கள். வழக்குப் பக்கத்தில் Next Hearing Date நாளைய தேதியாகவே இருந்தால் போய்த்தான் ஆக வேண்டும். பட்டியலை ஏற்றத் தாமதமாகியிருக்கலாம், அல்லது வழக்கு வேறு நீதிபதிக்கு மாறி அவர் பட்டியலில் இருக்கலாம்.

காலையில் 10.30-க்கு நீதிபதி உட்காருவார். பத்து மணிக்கே அந்த ஹாலின் வாசலில் இருங்கள். அங்கே ஒட்டிய அன்றைய பட்டியலில் எண்ணைத் தேடுங்கள். பலகைக்குப் பக்கத்தில் சின்ன வெள்ளைத் தாளில் கையெழுத்தில் ஒரு குறிப்பு ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். நீதிபதி விடுப்பில் இருந்தால் பொறுப்பு நீதிபதி யார், எந்த ஹால் என்று அதில்தான் எழுதியிருக்கும். அன்று காலை முடிவாகும் இந்த விஷயம் தளத்தில் வருவதில்லை. பலரும் நழுவவிடுவது இந்த ஒரு தாளைத்தான். குறிப்பு எதுவும் இல்லை, ஹாலும் காலியாக இருக்கிறது என்றால் பெஞ்ச் கிளார்க்கிடமோ டபேதாரிடமோ "இந்த கோர்ட் கேஸ்களை இன்றைக்கு எங்கே கூப்பிடுகிறார்கள்?" என்று கேளுங்கள். நீதிபதி மேடையில் உட்காருவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். உட்கார்ந்த பிறகு அவர்களால் பேச முடியாது.

உயர் நீதிமன்ற வளாகத்துக்குள் போகிறவர்கள் அடையாள அட்டையையும் சம்மனையும் கையில் வைத்திருங்கள். வாயிலில் 2015 முதல் மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படை சோதனை செய்கிறது. வரிசையில் நிற்கும் நேரத்தையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு கிளம்புங்கள்.

ஹைகோர்ட் வழக்கு என்றால் சென்னையா மதுரையா? ஹால் எண் எங்கே பார்ப்பது?

வழக்கு எண்ணிலேயே பதில் இருக்கிறது. எண்ணில் (MD) என்று இருந்தால் மதுரைக் கிளை, W.P.(MD) என்பதுபோல வரும். இல்லையென்றால் சென்னை. மதுரைக் கிளை 2004 ஜூலை 24 முதல் இயங்குகிறது. மதுரை நகருக்குள் அல்ல, மேலூர் சாலையில் ஒத்தக்கடையை ஒட்டி இருக்கிறது. மதுரை மாவட்ட நீதிமன்றத்துக்குப் போய்க் கேட்பது வீண் அலைச்சல். திருச்சி, தஞ்சாவூர், கரூர்க்காரர்களுக்கும் மதுரைக் கிளைதான்.

ஹால் எண் அன்றன்றைய பட்டியலில் நீதிபதியின் பெயருக்கு மேல் COURT NO. என்று இருக்கும். கீழமை நீதிமன்றம்போல ஒரே நீதிபதியிடம் வழக்கு நிலையாக நிற்காது. எந்த வகை வழக்கை யார் கேட்பது என்ற ஒதுக்கீடு அவ்வப்போது மாறும். போன வாய்தாவில் போன ஹாலுக்கே இந்த முறையும் போகாதீர்கள். கூடுதல் பட்டியல் என்று பின்னால் ஒன்று வெளியாகும், அதையும் பாருங்கள்.

இ-கோர்ட்ஸில் எப்படித் தேடியும் வழக்கே வரவில்லை. சம்மன் போலியா?

உடனே அந்த முடிவுக்கு வர வேண்டாம். நுகர்வோர் ஆணையம், கடன் வசூல் தீர்ப்பாயம், வருவாய்க் கோட்டாட்சியர் விசாரணை எல்லாம் இ-கோர்ட்ஸில் வராது. அவை மாவட்ட நீதிமன்ற வளாகத்துக்குள்ளும் இருக்க வேண்டியதில்லை. நுகர்வோர் வழக்குகளுக்கு e-jagriti.gov.in என்ற தனித் தளம் இருக்கிறது. போக்சோ போன்ற வழக்குகளில் பெயரால் தேடினால் கிடைக்காது.

மேலே சொன்னவற்றில் எதுவும் இல்லை, வாட்ஸ்அப்பில் மட்டும் வந்திருக்கிறது என்றால் சந்தேகப்படுங்கள். புதுச் சட்டம் கிரிமினல் வழக்குகளில் மின்னணு சம்மனை அனுமதிக்கிறது. ஆனால் அதில் நீதிமன்ற முத்திரையின் படமோ டிஜிட்டல் கையொப்பமோ இருக்க வேண்டும். முத்திரையைப் போலியாகச் செய்வது கடினமல்ல என்பதால் முத்திரையோடு நிற்காதீர்கள். அதிலுள்ள வழக்கு எண்ணைத் தளத்தில் பாருங்கள். கட்சிக்காரர் பெயரும் தேதியும் பொருந்த வேண்டும். சம்மனில் அச்சிட்ட போன் எண்ணுக்குப் பேசாமல், மாவட்ட நீதிமன்றத் தளத்தில் இருக்கும் எண்ணுக்குப் பேசுங்கள். நேரில் போக முடிந்தால் வளாகத்திலுள்ள இ-சேவை மையத்தில் காட்டுங்கள், வழக்கு நிலவரத்தைப் பார்த்துச் சொல்வார்கள். வீடியோ காலில் உட்காரச் சொல்லிப் பணம் கேட்கும் நீதிமன்றம் எதுவும் இந்த நாட்டில் இல்லை.

தவறான ஹாலில் காத்திருந்துவிட்டேன். என் பெயரைக் கூப்பிட்டு முடித்துவிட்டார்கள். இப்போது என்ன செய்வது?

வளாகத்தை விட்டு வெளியே போகாதீர்கள். அதே நாளில் நீதிபதி எழுந்து போவதற்குள் சரியான ஹாலுக்குப் போய், பெஞ்ச் கிளார்க்கிடம் வழக்கு எண்ணைச் சொல்லி, என்ன உத்தரவு போட்டார்கள் என்று கேளுங்கள். வக்கீல் இருந்தால் அவர் உடனே நீதிபதி முன் விஷயத்தைச் சொல்லி மறுபடி அழைக்கக் கேட்கலாம். பல நேரம் "பாஸ் ஓவர்" ஆகி மதியம் மறுபடி கூப்பிடக் காத்திருக்கும் வழக்காகவே அது இருக்கும்.

உத்தரவு போட்டுவிட்டார்கள் என்றால் வழக்கைப் பொறுத்து வழி மாறும். சிவில் வழக்கில் பிரதிவாதி வரவில்லை என்று அவரை எக்ஸ்பார்ட்டி ஆக எழுதியிருந்தால், தீர்ப்பு வருவதற்கு முன்பே அதை நீக்கக் கேட்டு மனுப் போடலாம். எக்ஸ்பார்ட்டி டிக்ரியே ஆகிவிட்டால் அதை ரத்து செய்யும் மனுவுக்கு 30 நாள் கெடு. வாதி வராமல் வழக்கு தள்ளுபடியானாலும் அதே 30 நாள்தான். கிரிமினல் வழக்கில் எதிரிக்குப் பிடிவாரண்ட் பிறந்திருந்தால் அது தானாகக் காலாவதி ஆகாது. அந்த நீதிமன்றமே ரத்து செய்யும்வரை உயிரோடு இருக்கும். வாரண்ட் ரீகால் மனுவோடு வக்கீலைக் கூட்டிக்கொண்டு நேரில் ஆஜராவதுதான் வழி.

எந்த மனுவாக இருந்தாலும் அன்று நீங்கள் வளாகத்துக்குள் இருந்ததற்கு ஆதாரம் கைகொடுக்கும். நுழைவுச் சீட்டு, பஸ் டிக்கெட், தவறாகப் போன ஹாலின் பட்டியலைக் காலையில் எடுத்த போட்டோ இவற்றைப் பத்திரப்படுத்தி வக்கீலிடம் கொடுங்கள். ஹாலுக்குள் படம் எடுக்கக் கூடாது. வெளிப் பலகையையும் எடுக்கலாமா என்று வாசலில் நிற்கும் ஊழியரைக் கேட்டுவிட்டு எடுங்கள்.